மூன்றில் ஒரு பங்கு

கட்டுரை 3,000 சொல். படங்கள் போக அதற்கு எங்கள் இதழில் இருந்த இடம் 2,000 சொல்லுக்குத்தான். எழுதியவர் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத இளைஞர். மதுரைக்கு வடக்கே ஒரு கிராமத்தில் நான்கு நாள் தங்கி, அந்த ஊர்க் கண்மாயைப் பற்றியும் அதன் மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்பாய்ச்சியைப் பற்றியும் எழுதியிருந்தார். "ஆயிரம் சொல் குறையணும் தம்பி" என்று சொல்லியிருந்தேன். மறுநாள் காலையிலேயே குறைத்துக் கொண்டுவந்துவிட்டார். எண்ணிப் பார்த்தால் 1,990 சொல். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

படித்துப் பார்த்தேன். ஒரு பத்திகூடப் போயிருக்கவில்லை. முதலில் இருந்த பத்திகள் எல்லாம் அதே வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு மெலிந்திருந்தது. ஆறு வாக்கியம் பேசிய நீர்பாய்ச்சிப் பெரியவர் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார். கரைமேல் நின்ற பனைகள் இருந்தன, பாண்டியர் காலம் இருந்தது, 1858ஆம் வருடச் சட்டம் இருந்தது. எதுவும் மனதில் தங்கவில்லை. கட்டுரையைப் படித்த வேறொருவர் அதன் சாரத்தை எழுதிக் கொடுத்ததுபோல் இருந்தது.

நீளமான கைப்பிரதியை முதன்முதலாகக் குறைக்கிற எல்லோரும் செய்கிற தவறு இது. நானும் பல வருடம் செய்திருக்கிறேன். எல்லாப் பத்தியிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுப்பது நியாயமாகத் தோன்றும். எதையும் இழக்கவில்லை என்ற நிம்மதியும் கிடைக்கும். ஆனால் நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது முதலில் வைப்பது குன்றக் கூறலை. மிகைபடக் கூறல் அதற்கு அடுத்துத்தான் வருகிறது. சுருங்கச் சொல்லலைப் பத்து அழகுகளில் முதலாவதாக வைத்த அதே பவணந்தியார், குறைவாகச் சொல்வதைக் குற்றங்களில் முதலாவதாக வைத்திருக்கிறார். கட்டுரை குறைப்பவர் நடக்க வேண்டிய வழி இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதைப் பொறுத்து வேலையே மாறிவிடும். 3,000 சொல்லில் 300 குறைக்க வேண்டுமென்றால் சொற்களிலும் வாக்கியங்களிலும் கைவைத்தால் போதும். யாருடைய எழுத்திலும் பத்தில் ஒரு பங்கு சதை இருக்கும். மூன்றில் ஒரு பங்கு என்றால் அந்த வழி பாதியிலேயே அடைத்துக்கொள்ளும். சொல் சொல்லாக ஆயிரத்தை எடுக்கப் போனால், சதை தீர்ந்த பிறகு எலும்பில் கத்தி படும். ஆகவே பெரிய துண்டுகள் முழுசாகப் போக வேண்டும். அவை போனால்தான் மிச்சமிருக்கிற துண்டுகள் தங்கள் முழு உயரத்தில் நிற்க முடியும். எந்தத் துண்டு போகலாம் என்று தெரிய, கட்டுரை என்ன சொல்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

அவரிடம் அதைத்தான் கேட்டேன். "இதைப் படிச்ச ஒருத்தர் வீட்டுக்குப் போய் ஒரே வரியில என்ன சொல்வாரு?"

"கண்மாய் எல்லாம் அழிஞ்சிட்டு வருதுன்னு சொல்வாரு அண்ணே."

அது கட்டுரையின் பொருள். வாதம் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கிற சோதனை எளியது: அந்த வரியை யாராவது மறுத்துப் பேச முடியுமா? கண்மாய் அழிகிறது என்பதை ஒருவரும் மறுக்கமாட்டார்கள். மறுக்க ஆளில்லாத வரியை வைத்துக்கொண்டு எதை வெட்டுவது, எதை வைப்பது என்று தீர்மானிக்க முடியாது. கண்மாயோடு தொடர்புள்ள எல்லாமே அதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கும்.

கைப்பிரதியை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, ஊரில் என்ன பார்த்தார் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் அது வந்தது. கண்மாயைத் தூர்வாரி இரண்டு வருடம் ஆகிறது. மழையும் பெய்திருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. இருந்தும் கடைமடை வயல்கள் காய்கின்றன. காரணம், பங்கிட்டுக் கொடுக்கிற நீர்பாய்ச்சிக்கு ஊர் முறையாகக் கூலி அளப்பதை நிறுத்திவிட்டது. ஒரு காகிதத்தில் இப்படி எழுதினோம்: தூர்வாரினால் மட்டும் போதாது; தண்ணீரைப் பங்கிடுகிற ஆளுக்கு யார் கூலி கொடுப்பது என்று முடிவாகாத ஊரில் கண்மாய் நிறைந்திருந்தாலும் கடைமடை காயும். இதை மறுக்க ஆள் உண்டு. தூர்வாரும் திட்டத்தை நம்புகிறவர் மறுப்பார். கிணறு வைத்திருக்கிறவரும் மறுப்பார். அந்தக் காகிதத்தை மேசையில் ஒட்டி வைத்துவிட்டு, மெலிந்த 1,990 சொல் பிரதியைத் தள்ளிவைத்து, பழைய 3,000 சொல்லையே மறுபடி எடுத்தோம். வெட்டுவதற்கு முன் மூலத்தை வேறு பெயரில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெட்டியது திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் கை துணியும்.

அடுத்த வேலைக்குப் பென்சில் போதும். ஒவ்வொரு பகுதியின் ஓரத்திலும் அது என்ன செய்கிறது என்று இரண்டு மூன்று சொல்லில் குறித்து, எத்தனை சொல் என்பதையும் எழுதினோம். என்ன சொல்கிறது என்று எழுதக் கூடாது. அப்படி எழுதினால் எல்லாமே தேவை என்றுதான் தோன்றும். பஸ்ஸில் ஊருக்குப் போனது, டீக்கடை, கரையின் காலை நேரம் எல்லாம் சேர்ந்து 350 சொல். ஓரத்தில் 'வாசகரைக் கூட்டிப்போகிறது' என்று எழுதினோம். கண்மாய்களின் வரலாறு 600. நீர்பாய்ச்சிப் பெரியவரும் அவர் வேலையும் 700. தூர்வாரிய கதை 400. தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் உள்ள தகராறு 400. அதிகாரியின் பேச்சு 200. கடைசியில் நீர்நிலைகளைக் காக்க வேண்டும் என்ற வேண்டுகோள் 350.

இப்படி எழுதிப் பார்த்ததுமே ஒன்று பளிச்சென்று தெரிந்தது. வாதத்தைத் தாங்குகிற பகுதிகள் பெரியவரும் தகராறும். இரண்டும் சேர்ந்து 1,100 சொல். வாதத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே வாசகர் 950 சொல் நடக்க வேண்டியிருந்தது.

முதலில் வரலாற்றைத் தொட்டோம். அதில்தான் அவருடைய உழைப்பு அதிகம் இருந்தது. நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறார். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருப்பது, சோழர் வெட்டிய வீராணம், கல்வெட்டுகளில் வரும் ஏரி வாரியம், குடிமராமத்து வேலைக்கு ஆட்களைக் கட்டாயப்படுத்த 1858இல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டம் எல்லாம் இருந்தன. எல்லாம் உண்மை. ஆனால் கண்மாயைப் பற்றிய எந்தக் கட்டுரையிலும் இவை இப்படியே உட்கார முடியும். ஒட்டி வைத்த வரியோடு சேர்த்துப் பார்த்தபோது ஒரே ஒரு சரடு மட்டும் அதோடு பேசியது: அந்தக் காலத்தில் ஊர் விளைச்சலில் ஒரு பங்கு கண்மாய் வேலைக்கும் அதைச் செய்கிறவர்களுக்கும் ஒதுக்கப்பட்டது. வேலையும் பங்கும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தன. அந்தக் கட்டு அவிழ்ந்த பிறகு அரசு சட்டம் போட்டு ஆள் சேர்க்க வேண்டி வந்தது. இதற்கு 170 சொல் போதும். வீராணமும் கல்வெட்டும் போயின. 39,000 என்ற எண்ணும் போனது. பெரிய எண் வாசகரை ஒரு கணம் நிமிரவைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கட்டுரை ஒரு ஊரின் 63 பட்டாதாரர்களைப் பற்றியது. 39,000 வந்து நின்றால் 63 சிறுத்துப்போகும்.

அந்தப் பகுதிக்குள் குமிழி மடையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. கண்மாய்க்குள் நிற்கும் இரண்டு கல்தூண்கள், அவற்றுக்குக் கீழே துளையிட்ட கல், தண்ணீருக்குள் மூழ்கிப் போய் அடைப்பை எடுத்துவிடுகிற மனிதர். மொத்தக் கட்டுரையிலேயே அழகாக எழுதப்பட்ட பத்தி அதுதான். அவர் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, "அண்ணே, இது மட்டும் இருக்கட்டும்" என்றார். எனக்கும் விட மனமில்லை. ஆனால் அந்த ஊர்க் கண்மாயில் குமிழி மடை இல்லை. திருகு வைத்த இரும்புப் பலகையைத்தான் பெரியவர் ஏற்றி இறக்குகிறார். வேறு ஊரின் மடையை இங்கே காட்டினால், படிக்கிறவர் பெரியவரைத் தண்ணீருக்குள் மூழ்கவைத்துத்தான் கற்பனை செய்வார். பத்தியை எடுத்து அவருடைய நோட்டில் ஒட்டச் சொன்னேன். அது இன்னொரு கட்டுரைக்கு விதை.

நல்ல விவரம் என்று எதைச் சொல்வது என்ற கேள்விக்கு என் பதில் இதிலிருந்து வருகிறது. அழகு ஒரு தகுதி, அது மட்டும் போதாது. அந்த விவரத்தை எடுத்துவிட்டால் வாதத்தில் ஓட்டை விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பெரியவரின் மண்வெட்டிக் காம்பில் மூன்று வெட்டுகள் இருந்தன. வாய்க்கால் பிரிகிற இடத்தில் மண்வெட்டியை நிறுத்தி, தண்ணீர் எந்த வெட்டு வரை ஏறுகிறது என்று பார்த்துத்தான் அவர் அடுத்த வாய்க்காலுக்குத் திருப்புவார். கீழ் வெட்டு கடைமடைக்கு. அதற்குக் கீழே தண்ணீர் இறங்கினால் கடைசி வயலுக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே மண் குடித்துவிடும். இந்த விவரம் அழகாகவும் இருக்கிறது, வேலையும் செய்கிறது. பங்கீடு என்பது ஒரு அறிவு, அது ஒரு மனிதரின் கையில் இருக்கிறது, அவர் போனால் அதுவும் போகும் என்பதை வேறு எந்த வாக்கியமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடாது. மெலிந்த பிரதியில் இது 'தனக்கே உரிய முறையில் தண்ணீரை அளக்கிறார்' என்று ஆகியிருந்தது. பெரியவரின் பகுதியில் 60 சொல்லுக்கு மேல் எடுக்கவில்லை. அதுவும் எழுதியவர் தன் வியப்பைச் சொன்ன இடங்கள்தான்.

பஸ் பயணத்தை முழுசாக எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். எதையும் முழுசாகத் தூக்குவதற்கு முன் அதை ஒரு தடவை மெதுவாகப் படிக்க வேண்டும் என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி உண்டு; அன்று அது கைகொடுத்தது. டீக்கடையில் ஒருவர் போகிறபோக்கில் சொன்ன வரி அங்கே கிடந்தது: "அவருக்கு நாங்க ஏன் நெல்லு அளக்கணும்? எங்களுக்குத்தான் போர் இருக்கே." பேசியவர் தலைமடையில் வயல் வைத்திருக்கிறவர். ஆழ்துளைக் கிணறு உள்ளவருக்கு நீர்பாய்ச்சி தேவையில்லை. தேவையில்லாத ஆளுக்கு அவர் கூலி அளக்கமாட்டார். தலைமடைக்காரர்கள் விலக விலக, கூலியின் பாரம் கிணறு வெட்ட வசதியில்லாத கடைமடைக்காரர்கள்மேல் விழுகிறது. 63 பேரில் போன அறுவடையில் நெல் அளந்தவர்கள் 20 பேர்தான் என்ற கணக்கு கட்டுரையில் வேறோர் இடத்தில் இருந்தது. அந்தக் கணக்குக்குக் காரணம் இந்த டீக்கடை வரி. எழுதியவரே அதைக் கவனிக்கவில்லை. வட்டாரச் சுவைக்காகச் சேர்த்திருந்தார்.

வரியைப் பிடுங்கித் தகராறு பகுதிக்குள், 20 பேர் கணக்குக்குப் பக்கத்தில் நட்டோம். அதனால் அந்தப் பகுதி 400இலிருந்து 430 ஆனது. குறைக்கிற வேலையில் ஒரு பகுதி வளர்வதைப் பார்த்து அவர் ஆச்சரியப்பட்டார். பெரிய துண்டை எறியும்போது அதற்குள் இருக்கிற ஒரு மணியை எடுத்து வேறிடத்தில் வைக்க முடியுமா என்று பார்ப்பது இந்த வேலையின் முக்கியமான பாதி. பஸ்ஸும் பனையும் போய், முதல் பகுதி 140 சொல்லில் முடிந்தது. கட்டுரை இப்போது மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்கிற பெரியவரிடம் நேராகப் போய்த் தொடங்கியது.

தூர்வாரிய கதையில்தான் நாங்கள் இருவரும் அதிக நேரம் உட்கார்ந்திருந்தோம். மடையின் அடிமட்டத்துக்கும் கீழே தோண்டிவிட்டதால், அந்த ஆழத்தில் தேங்குகிற தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது என்று ஊர்க்காரர்கள் சொல்லியிருந்தார்கள். சரியான பேச்சு. மடைக்குக் கீழே நிற்கிற தண்ணீரை இறைத்துத்தான் எடுக்க முடியும்; ஆடுமாட்டுக்கும் நிலத்தடி நீருக்கும் அது உதவும், வாய்க்கால் பாசனத்துக்கு உதவாது. தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். ஆனால் அது தூர்வாரியது எப்படித் தப்பாகப் போனது என்ற வேறொரு வாதத்தின் கதவைத் திறக்கிறது. எங்கள் வரி சொல்வது, சரியாகவே தூர்வாரியிருந்தாலும் போதாது என்று. இந்த விவரம் உள்ளே வந்தால், 'ஓ, ஒழுங்காகத் தோண்டியிருந்தால் எல்லாம் சரியாகிவிடும்போல' என்று வாசகர் விலகிப் போய்விடுவார். நன்னூல் மற்றொன்று விரித்தல் என்று சொல்கிற குற்றம் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: தப்பான விஷயத்தால் வராது, நல்ல விஷயம் இடம் மாறி வருவதால் வரும். அந்த 100 சொல்லை எடுத்தோம். அதற்காக இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அதிகாரியின் 200 சொல்லையும் எடுத்துவிடலாம் என்று இளைஞர் சொன்னார். அவர் பேச்சில் சுவை இல்லை என்பது உண்மை. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்களை அரசின் நீர்வளத் துறையும் அதற்குக் குறைந்தவற்றை ஊராட்சி ஒன்றியமும் பார்க்கின்றன என்று தொடங்கி, மடைக்கு அப்பால் வயல் வாய்க்காலில் தண்ணீர் பிரிப்பது விவசாயிகளின் வேலை, அதில் துறை தலையிட முடியாது என்று முடித்திருந்தார். நான் ஒரு சொல்லையும் தொடவிடவில்லை. இடம் போதாதபோது முதலில் பலியாவது எதிர்த்தரப்பின் பேச்சுதான். அது போனதும் கட்டுரை துண்டுப் பிரசுரமாகிவிடும். இங்கே அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. பங்கிடுகிற ஆளின் கூலி யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அரசு தன் பொறுப்பு இல்லை என்கிறது, ஊர் அளப்பதை நிறுத்திவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடம் அதிகாரி பேசினால்தான் தெரியும்.

முடிவில் இருந்த வேண்டுகோளில் 230 சொல் போனது. மிச்சம் 120. பெரியவர் தன் மகனுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கவில்லை என்ற செய்தி அந்த வேண்டுகோளின் நடுவில் புதைந்து கிடந்தது. அதை எடுத்து இறுதியில் வைத்தோம். கூட்டிப் பார்த்தால் 140, 170, 640, 300, 430, 200, 120. சரியாக 2,000.

இத்தோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்தால் ஏமாற்றம்தான். பெரிய துண்டுகளை எடுத்த கட்டுரையில் கண்ணுக்குத் தெரியாத எலும்பு முறிவுகள் இருக்கும். ஆயக்கட்டு என்றால் கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம் என்ற விளக்கம் வரலாற்றுப் பகுதியில் இருந்தது. அது போய்விட்டதால் அதிகாரியின் பேச்சில் அந்தச் சொல் விளக்கமில்லாமல் வந்து நின்றது. பெரியவரின் வயதும் ஊரில் அவர் யார் என்பதும் டீக்கடைக் காட்சியில் சொல்லப்பட்டிருந்தன. இப்போது அவர் பெயரில்லாத 'அவர்' ஆகத் தொடங்கினார். 'முன்பு சொன்னதுபோல' என்று ஓரிடத்தில் இருந்தது. முன்பு சொன்னது ஒன்றும் இல்லை. எழுதியவருக்கும் எனக்கும் இவை தெரியாது. பழைய பிரதி எங்கள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், ஓட்டையை அதுவே நிரப்பிவிடும். அதனால் கட்டுரையை முன்பு பார்த்தே இராத ஒருவரிடம், கணக்குப் பிரிவில் இருக்கிற ஒரு அம்மாவிடம், கொடுத்தோம். எங்கே நின்று யோசிக்கிறாரோ அங்கே கோடு போடச் சொன்னோம். ஐந்து இடத்தில் போட்டுத் தந்தார். ஐந்தும் வெட்டின இடத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தன.

துண்டுகள் சேருகிற இடத்தில் 'இந்நிலையில்', 'இதனிடையே', 'மறுபுறம்' என்று ஒட்டுப்போடுகிற பழக்கம் பத்திரிகைக்காரர்களிடம் உண்டு. ஒட்டு தேவைப்படுகிறது என்றால் வரிசை தப்பாக இருக்கிறது என்று பொருள். நெல் அளக்காதவரின் பேச்சுக்கு அடுத்துப் பெரியவரின் வீட்டுக் குதிர் வந்தால், நடுவில் எந்தச் சொல்லும் வேண்டாம்.

மேற்கோள்களை எடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். கடைமடை விவசாயி ஒருவர் சொன்னது இது: "தண்ணி வருது சார், இல்லேன்னு சொல்லல. நடவு நேரத்துல வராது, கதிர் புடிக்கும்போது வராது. அறுக்கும்போது வயல்ல வந்து நிக்கும்." மெலிந்த பிரதியில் இது "எங்களுக்குத் தண்ணி வராது சார்" என்று இருந்தது. இடம் மிச்சம், ஆனால் அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அவருடைய குறை தண்ணீரின் அளவைப் பற்றியது இல்லை, நேரத்தைப் பற்றியது. பங்கிடுகிறவர் இல்லாத ஊரில் தண்ணீர் எப்படித் தாறுமாறாக வரும் என்பதற்குச் சாட்சியே அந்த மூன்று வரிதான். மேற்கோளை முழுசாக எடுக்கலாம், இல்லையென்றால் முழுசாக வைக்கலாம். உள்ளே புகுந்து அவர் வாயைச் சுருக்கக் கூடாது.

அளவுக்கு மீறி வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு எழுத்துலகில் எல்லோரும் சொல்கிற ஒரு கதை அமெரிக்கச் சிறுகதையாளர் ரேமண்ட் கார்வருடையது. 1981இல் வந்த அவருடைய தொகுப்பை, பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் மொத்தத்தில் பாதிக்கு மேல் வெட்டினார். வேண்டாம் என்று கார்வர் 1980 ஜூலையில் கடிதம் எழுதிக் கெஞ்சியும் புத்தகம் வெட்டப்பட்ட வடிவில்தான் வந்தது. அதில் ஒரு கதை: மகனின் பிறந்தநாளுக்குத் தாய் கேக் சொல்லிவைக்கிறாள், பிறந்தநாள் அன்று கார் மோதி மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், விஷயம் தெரியாத பேக்கரிக்காரர் கேக்கை வாங்கிப்போகச் சொல்லி போன் பண்ணிக்கொண்டே இருக்கிறார். லிஷின் வடிவம் ஒரு போன் ஒலியோடு, திகிலோடு நின்றுவிடுகிறது. கார்வர் எழுதியதில் மகன் இறந்த பிறகு பெற்றோர் கோபத்தோடு பேக்கரிக்குப் போகிறார்கள். பேக்கரிக்காரர் அவர்களை உட்காரவைத்துச் சூடான ரொட்டி தருகிறார். விடிகிறவரை மூவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 1983இல் வந்த அடுத்த தொகுப்பில் கார்வர் அதை மீட்டுச் சேர்த்தார். லிஷின் வடிவம் மோசம் என்று சொல்லமாட்டேன். கூர்மையான கதைதான். ஆனால் அது வேறு கதை. மனிதர் மனிதருக்கு ஆறுதலாக முடியும் என்று கார்வர் சொன்னது அதில் இல்லை. வெட்டி முடித்த பிறகு மேசையில் ஒட்டிய வரியை எடுத்துப் படித்து, கட்டுரை இன்னும் அதைத்தான் சொல்கிறதா என்று நான் பார்ப்பது இதனால்தான்.

சொற்களுக்கு நாங்கள் வந்தது எல்லாவற்றுக்கும் பிறகு. முதல் நாளே வந்திருந்தால் வீணான உழைப்பு நிறைய நடந்திருக்கும். பழைய பிரதியில் இருந்த ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: 'தமிழகத்தின் தென்மாவட்டங்களைப் பொறுத்தவரை, மழைக்காலங்களில் கிடைக்கக்கூடிய மழைநீரைச் சேமித்து வைப்பதற்காகப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர்களால் உருவாக்கப்பட்ட கண்மாய்கள், இன்றளவும் விவசாயிகளின் வாழ்வாதாரமாக விளங்கி வருகின்றன என்பது குறிப்பிடத்தக்கது.' 22 சொல். 'தென்மாவட்டங்களில் மழைநீரைத் தேக்க முன்னோர் வெட்டிய கண்மாய்களை நம்பித்தான் இன்றும் விவசாயம் நடக்கிறது' என்றால் 10 சொல். அவர் இதைப் பாதியாக்க முதல் நாள் நன்றாகவே பாடுபட்டிருந்தார். ஆனால் இது நம் வாசகர் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. வாக்கியமே வேண்டாம். போகப்போகிற வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட வீண் வேலை கிடையாது; திருத்திய பிறகு அதன்மேல் பாசம் வேறு வந்துவிடும், எடுக்க மனம் வராது.

தமிழில் சொல் கணக்கே கொஞ்சம் ஏமாற்றுக் கணக்குதான். 'திறந்து விட்டுக் கொண்டிருந்தார்' என்று பிரித்தால் மூன்று சொல், 'திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்' என்று சேர்த்தால் ஒன்று. இடைவெளிகளை மூடியே நூறு சொல் குறைத்துவிடலாம், பக்கத்தில் ஒரு வரிகூடக் குறையாது. பக்கம் வடிவமைப்பவர் கேட்பது வரிக் கணக்கு. அதனால் கடைசி நிலையில் நாங்கள் சொல்லை எண்ணுவதில்லை. ப்ரூஃப் வந்ததும் எத்தனை வரி வழிகிறது என்று மட்டும் பார்ப்போம்.

டைம் இதழில் இதற்கு ஒரு வழக்கம் இருந்ததாக ஜான் மக்ஃபீ எழுதியிருக்கிறார். பக்கம் கட்டுகிறவர்கள் இத்தனை வரி குறைய வேண்டும் என்று குறிப்பெழுதி அனுப்புவார்களாம். எழுதியவர் பச்சைப் பென்சிலை எடுத்து, எடுத்தது தெரியாதபடி அத்தனை வரியை எடுத்துத் தர வேண்டும். பிற்பாடு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தன் மாணவர்களுக்கும் அதையே பயிற்சியாகக் கொடுத்தார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பத்தியின் கடைசி வரியில் ஒற்றைச் சொல் தொங்கினால், அந்தப் பத்திக்குள் ஏதாவது ஒரு சொல்லை எடுத்தால் போதும், முழு வரி மிச்சமாகும். பத்தியின் நடுவில் நான்கு சொல் எடுத்தாலும் சில சமயம் ஒரு வரியும் குறையாது. எந்தப் பத்தி ஒற்றைச் சொல்லில் முடிகிறது என்று பார்த்துக் கைவைப்பதுதான் வழி. தமிழில் சொற்கள் நீளமானவை. இப்படித் தொங்குகிற சொல் பக்கத்துக்கு இரண்டு மூன்றாவது இருக்கும்.

எங்கள் கண்மாய்க் கட்டுரை ப்ரூஃபில் ஆறு வரி வழிந்தது. பென்சிலை இளைஞரிடமே கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஆறு வரியும் போயிருந்தது. 'ஆகிய', 'என்ற காரணத்தினால்', 'செய்யப்பட்டு வருகிறது' எல்லாம் பென்சில் கோட்டுக்கு அடியில் கிடந்தன. எங்கே எடுத்தார் என்று தெரிய நான் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. ஐந்து வரி சரி. ஆறாவது வரிக்காக அவர் கடைமடை விவசாயியின் பேச்சில் 'கதிர் புடிக்கும்போது வராது' என்பதை அடித்திருந்தார். அதைத் திரும்பச் சேர்த்துவிட்டு, எனக்குப் பிடித்த ஒரு படக்குறிப்பிலிருந்து ஒரு வரியை எடுத்தேன்.